ஒரே எழுத்தறிவு அட்டவணை, மூன்று வரைபடம்: எதை அச்சுக்கு அனுப்புவது?

மெய்யெழுத்து எழுதியது:

எங்கள் பகுதி மாத இதழுக்கு ஒரு பக்கக் கட்டுரை தயார் செய்கிறேன். தமிழ்நாட்டு மாவட்டங்களின் எழுத்தறிவு, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பழைய எண்தான், தெரியும். ஆனால் 32 மாவட்டத்துக்கும் ஒரே அளவுகோலில் இருக்கிறது என்பதால் எடுத்தேன். மாநிலச் சராசரி 80.09 சதவீதம். உச்சியில் கன்னியாகுமரி 91.75, அடியில் தர்மபுரி 68.54.

QGIS-ல் போட்டுப் பார்த்தேன். `Equal Count` வைத்து நான்கு நிறம் கேட்டால் எங்கள் விருதுநகர் மேலிருந்து இரண்டாவது நிறத்தில் வருகிறது. `Equal Interval` வைத்து ஐந்து கேட்டால் கடலூரோடு சேர்ந்து நட்டநடுவில் நிற்கிறது. `Pretty Breaks`-க்கும் ஐந்துதான் கேட்டேன், அது ஆறு கொடுத்தது. அதில் விருதுநகரும் காஞ்சிபுரமும் ஒரே நிறம். அட்டவணையில் ஒரு எண்கூட மாறவில்லை, படம் மட்டும் மூன்று கதை சொல்கிறது.

இதில் எது சரியான படம்? ஆசிரியர் "பளிச்சென்று இருப்பதைப் போடு" என்கிறார். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை.

---

சதவீதன் எழுதியது:

`Equal Count` போடுங்கள், வேறு யோசனையே வேண்டாம். 32 மாவட்டம், நான்கு நிறம், நிறத்துக்கு எட்டு. எல்லையை எங்கே வைப்பது என்று நீங்கள் முடிவு செய்யவில்லை, வரிசைதான் முடிவு செய்கிறது. மனிதக் கை படாததால் யாரும் பாரபட்சம் என்று சொல்ல முடியாது. புள்ளியியல் வகுப்பில் எங்களுக்குச் சொன்னதும் இதுதான்.

---

கோணமானி எழுதியது:

சதவீதன் சொல்வதில் பாதி சரி. எட்டு எட்டாகப் பிரித்தால் எந்த நிறமும் காலியாக இருக்காது, படம் நிரம்பித் தெரியும். ஒரு மாவட்டம் வரிசையில் எங்கே நிற்கிறது என்பது மட்டும் கேள்வி என்றால் அது நல்ல முறை. ஆனால் வாசகர் படத்தில் வரிசையைப் பார்ப்பதில்லை. நிறம் மாறினால் "இங்கே ஏதோ பெரிய வித்தியாசம்" என்று நினைக்கிறார்.

அந்த எட்டு எட்டு படத்தில் எல்லைகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். முதல் எட்டில் கடைசி நாகப்பட்டினம், 83.59. அடுத்த எட்டில் முதல் மதுரை, 83.45. இரண்டுக்கும் 0.14 தான் வித்தியாசம், ஆனால் வேறு வேறு நிறம். அதே நேரம் கன்னியாகுமரி 91.75, நாகப்பட்டினம் 83.59. எட்டுப் புள்ளிக்கு மேல் இடைவெளி, ஆனால் ஒரே நிறம்! மனிதக் கை படவில்லை என்பது உண்மை. அதனால் படம் நடுநிலை ஆகிவிடாது.

`Equal Interval` வேறு மாதிரி ஏமாற்றும். அது அடி எண்ணையும் உச்சி எண்ணையும் மட்டும் பார்த்து, நடுவில் உள்ளதை ஐந்து சமபங்காக வெட்டுகிறது. பங்குக்கு 4.64 புள்ளி. நான்காவது பிரிவு 82.47-ல் தொடங்கும். திருநெல்வேலி 82.50. அதாவது 0.03-ல் தப்பி மேல் பிரிவுக்குள் நுழைந்திருக்கிறது. கன்னியாகுமரிக்கு 2011-ல் முதலில் வந்த தற்காலிகக் கணக்கில் 92.14 என்று இருந்தது. பழைய கோப்பிலிருந்து அந்த ஒரு எண்ணை மட்டும் யாராவது எடுத்துப் போட்டுவிட்டால் எல்லை 82.70-க்கு நகரும். திருநெல்வேலியும் தஞ்சாவூரும் (82.64) ஒரு படி இறங்கிவிடும். அந்த இரண்டு மாவட்டத்திலும் எதுவும் நடக்கவில்லை, எங்கோ கன்னியாகுமரியில் ஒரு எண் மாறியது, அவ்வளவுதான்.

`Pretty Breaks` 70, 75, 80 என்று முழு எண்ணில் வெட்டும். வாசகருக்குப் படிக்க எளிது, அதனால்தான் பத்திரிகைகள் விரும்புகின்றன. ஆனால் சிவகங்கை 79.85, பக்கத்து விருதுநகர் 80.15. வித்தியாசம் 0.30, நிறம் வேறு. கரூர் 75.60, சிவகங்கையை விட நான்கு புள்ளிக்கு மேல் குறைவு, ஆனால் சிவகங்கையின் நிறம்தான்.

சரி, என்ன செய்யலாம்? மென்பொருளைத் தொடுவதற்கு முன் 32 எண்ணையும் மேலிருந்து கீழாக ஒரு தாளில் எழுதுங்கள். எங்கே இயல்பாகவே இடைவெளி விழுகிறது என்று பாருங்கள். சென்னை 90.18-க்கு அப்புறம் அடுத்தது தூத்துக்குடி 86.16, நான்கு புள்ளி பள்ளம். திருநெல்வேலி 82.50-க்கும் ராமநாதபுரம் 80.72-க்கும் நடுவில் 1.78. திருவண்ணாமலை 74.21-க்கும் சேலம் 72.86-க்கும் நடுவில் 1.35. கடைசியில் அரியலூர் 71.34, அப்புறம் தர்மபுரி 68.54. இந்த நான்கு இடமும் வெட்டுவதற்கு ஓரளவு நியாயமான இடங்கள்.

ஆனால் ஒன்று. ராமநாதபுரத்திலிருந்து திருவண்ணாமலை வரை 13 மாவட்டம் ஒரே சரிவாக இறங்குகின்றன. அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே எங்குமே முழுதாக ஒரு புள்ளி இடைவெளி இல்லை. அந்தப் பகுதியில் எங்கே கோடு போட்டாலும் அது நீங்கள் போட்ட கோடுதான். உங்கள் விருதுநகர் அங்கேதான் இருக்கிறது, அதனால்தான் மூன்று படத்திலும் அது குதித்தது.

---

மொரப்பூர்க்காரன் எழுதியது:

எந்த முறையில் வெட்டினாலும் எங்கள் மாவட்டம் அடர் சிவப்புதான். அது மாறவே மாறாது போல. 68.54 என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோணமானி சொல்கிற பிரிவில் தர்மபுரி தனி ஆளாக ஒரு நிறத்தில் நிற்கும். அரியலூரோடு ஒப்பிட்டால் 2.8 புள்ளி. சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் நான்கு புள்ளி இருந்தும் அங்கே யாரும் பதறுவதில்லை. படத்தைப் பார்க்கிறவன் "தர்மபுரியில் ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது" என்றுதான் நினைத்துக்கொள்வான். மாநிலத்தில் படிக்கத் தெரியாதவர்கள் எல்லாரும் எங்கள் ஊரில்தான் இருக்கிறார்களா?

---

ஊர்சுற்றி எழுதியது:

படமே தப்பு. இப்போது 38 மாவட்டம். 32 போட்டால் தென்காசி, கள்ளக்குறிச்சி எல்லாம் எங்கே போயிற்று? சென்னையும் பழைய அளவு இல்லை. எல்லையைத் திருத்திவிட்டு அப்புறம் நிறத்தைப் பேசுங்கள்.

---

கோணமானி எழுதியது:

ஊர்சுற்றி, கேள்வி அது இல்லை. ஆனாலும் நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். 2011 எண்ணை 2011 எல்லையில்தான் போட வேண்டும். தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் 2019-ல் வந்தவை, மயிலாடுதுறை 2020. புது ஷேப்ஃபைலில் பழைய அட்டவணையை இணைத்தால் இந்த ஆறும் வெற்றாக நிற்கும். சிலர் தாய் மாவட்டத்தின் எண்ணையே அங்கேயும் நிரப்பிவிடுவார்கள். அப்போது விழுப்புரத்தின் 71.88 இரண்டு மாவட்டமாகத் தெரியும். சென்னையும் அப்படியே. 2018 தொடக்கத்தில் மாவட்ட எல்லை விரிந்து 426 சதுர கிலோமீட்டர் ஆனது. 2011-ல் 175 தான்.

மொரப்பூர்க்காரன் கேட்டதுதான் இந்த இழையில் முக்கியமான கேள்வி. பரப்பு அங்கேதான் உள்ளே வருகிறது. இரவு உட்கார்ந்து எழுதுகிறேன்.

---

சதவீதன் எழுதியது:

அதற்குள் நான் போட்டுவிட்டேன். கணக்கெடுப்பின் அடிப்படை அட்டவணையில் `P_ILL` என்று ஒரு பத்தி இருக்கிறது, எழுத்தறிவு இல்லாதவர் எண்ணிக்கை. சென்னைக்கு 8,70,456. தர்மபுரிக்கு ஏறக்குறைய 5.9 லட்சம். ஆக சென்னையில்தான் அதிகம், அதுவும் நன்றாகவே அதிகம். மொரப்பூர்க்காரன் நிம்மதியாகத் தூங்கலாம். இந்த எண்ணிக்கையையே நிறமாகப் பூசிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

---

கோணமானி எழுதியது:

தீரவில்லை, இரண்டு காரணம்.

முதலாவது, `P_ILL` பத்தியில் ஆறு வயது வரையிலான குழந்தைகளும் சேர்ந்திருக்கிறார்கள். கணக்கெடுப்பில் அந்த வயதுக் குழந்தைகள் எல்லாரும் எழுத்தறிவு இல்லாதவர் என்றே எழுதப்படுவார்கள், பள்ளிக்குப் போனாலும் சரி. எழுத்தறிவு விகிதமோ ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை மட்டும் வைத்துப் போடுவது. தொட்டில் குழந்தையை எழுத்தறிவில்லாதவர் கணக்கில் சேர்த்தால் சென்னை தானாக ஊதிக்கொள்ளும். நீங்கள் எடுக்க வேண்டியது இது:

```
"TOT_P" - "P_06" - "P_LIT"
```

மொத்த மக்கள்தொகையில் குழந்தைகளைக் கழித்து, எழுத்தறிந்தவரையும் கழித்தால் கிடைப்பது. சென்னைக்குப் போட்டால் 4,11,132. தர்மபுரிக்கு ஏறக்குறைய 4.2 லட்சம். ஆக இரண்டும் கிட்டத்தட்டச் சமம். உங்கள் 8.7 லட்சத்தில் பாதிக்கு மேல் குழந்தைகள்.

கொஞ்சம் நின்று பார்த்தால் இது வியப்புதான். விகிதத்தில் மாநிலத்தின் இரண்டாவது இடமும் கடைசி இடமும் இவை. படிக்கத் தெரியாத ஆட்களை எண்ணினால் ஏறக்குறைய ஒன்று. ஆனால் தர்மபுரியின் பரப்பு ஏறக்குறைய 4,500 சதுர கிலோமீட்டர், சென்னை 175. ஒரே அளவு ஆட்களுக்கு ஒரு பக்கம் 25 மடங்கு மை, அதுவும் அடர் நிறம். இன்னொரு பக்கம் கண்ணுக்கே தெரியாத ஒரு வெளிர் புள்ளி.

கண்ணுக்கே தெரியாத என்பது சும்மா சொன்னது இல்லை. கைப்பேசித் திரையில் மாநிலம் 12 சென்டிமீட்டர் உயரத்தில் வந்தால் ஒரு சென்டிமீட்டர் சுமார் 50 கிலோமீட்டர். அந்த அளவில் சென்னை இரண்டரை மில்லிமீட்டர்ச் சதுரம். சுற்றி மாவட்ட எல்லைக் கோட்டைத் தடிப்பாகப் போட்டால் உள்ளே நிறம் பூச இடமே மிஞ்சாது. அந்தச் சதுரத்துக்குள் 46 லட்சம் பேர். நீலகிரி, பெரம்பலூர், அரியலூர் மூன்றையும் கூட்டினால் 20.5 லட்சம் பேர்தான், ஆனால் படத்தில் 6,200 சதுர கிலோமீட்டருக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. நீலகிரியில் பெரும்பகுதி காடும் தோட்டமும். 85.20 என்ற எண்ணை மரங்களுக்கும் சேர்த்துப் பூசுகிறோம்.

இதை மொத்தமாகவும் போட்டுப் பார்த்தேன். உங்கள் எட்டு எட்டு படத்தில் மேல் எட்டு மாவட்டம் மாநில நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மக்களில் 30 சதவீதம். கீழ் எட்டு மாவட்டம் நிலத்தில் ஏறக்குறைய 29 சதவீதம், மக்களில் 23-க்கும் கீழே. எட்டுக்கு எட்டு என்று சமமாகப் பிரித்தீர்கள், ஆனால் தாளில் பின்தங்கிய நிறம் முன்னேறிய நிறத்தைப் போல ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கிறது. படத்தை ஒரு நொடி பார்ப்பவர் மனதில் மாநிலம் உண்மையில் இருப்பதைவிட மோசமாகப் பதியும்.

இரண்டாவது காரணம், எண்ணிக்கையை நிறமாகப் பூசக் கூடாது. பூசினால் விழுப்புரம், சேலம், வேலூர் எல்லாம் தங்கள் ஆள்பலத்தாலேயே அடர்ந்துவிடும். எதைப் போட்டாலும் மக்கள்தொகைப் படமே திரும்பத் திரும்ப வரும். நிறம் விகிதத்துக்கு. எண்ணிக்கைக்கு வட்டம். வட்டத்தின் பரப்பு ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப, வட்டத்துக்குள் விகிதத்தின் நிறம். அப்போது தர்மபுரியும் சென்னையும் ஒரே அளவு வட்டம், வேறு வேறு நிறம். இரண்டு செய்தியும் ஒரே படத்தில் வந்துவிடும்.

---

மொரப்பூர்க்காரன் எழுதியது:

இதைத்தான் கேட்டேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்னையும் நாங்களும் சமம் என்று போட்டுவிட்டு அரசாங்கம் இங்கே பள்ளிக்கூடம் கட்டாமல் போய்விடக் கூடாது. நூறு பேரில் முப்பத்தொருவர் என்பதும் நூறில் பத்துப் பேர் என்பதும் ஒன்று ஆகாது. எங்கள் மலைக் கிராமத்தில் படிக்கத் தெரியாதவர் விண்ணப்பம் எழுத ஆள் தேடி மைல் கணக்கில் நடக்கணும். சென்னையில் பக்கத்து வீட்டில் ஆள் இருக்கும்.

---

கோணமானி எழுதியது:

அதற்கு எதிராக நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு மாவட்டத்தின் நிலைமை என்ன என்பதற்கு விகிதம். எத்தனை பேருக்கு வகுப்பு நடத்த வேண்டும், எத்தனை புத்தகம் அச்சடிக்க வேண்டும் என்பதற்கு எண்ணிக்கை. மெய்யெழுத்தின் கட்டுரை எந்தக் கேள்விக்கு என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

---

கொசுவலை எழுதியது:

இழையைத் தொடர்ந்து படிக்கிறேன். எழுத்தறிவு எனக்குச் சம்பந்தமில்லை, சுகாதாரத் துறையில் களப்பணி. எங்கள் வட்டாரத்தில் ஊராட்சி வாரியாக டெங்கு படம் போடுகிறோம், ஆயிரம் பேருக்கு இத்தனை என்று. கோணமானி சொன்னபடி விகிதம்தான். ஆனால் ஒவ்வொரு மாதமும் வேறு வேறு ஊராட்சி சிவப்பாகிறது. 600 பேர் இருக்கும் ஒரு சின்ன ஊராட்சியில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தால் ஆயிரத்துக்கு 3.3. பக்கத்தில் 9,000 பேர் இருக்கும் ஊராட்சியில் 15 பேர், 1.7 தான் வருகிறது. புகை மருந்து வண்டி சின்ன ஊராட்சிக்குப் போகிறது. அடுத்த மாதம் அங்கே பூஜ்யம், பச்சை. மேலே இருப்பவர்கள் "பார்த்தாயா, புகை அடித்தது வேலை செய்தது" என்கிறார்கள். விகிதமும் ஏமாற்றுகிறதே?

---

கோணமானி எழுதியது:

ஏமாற்றும், நீங்கள் சொன்ன மாதிரியேதான். ஆள் குறைந்த இடத்தில் ஒன்றிரண்டு பேர் கூடினாலே விகிதம் தாவும். இதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய உதாரணம் உண்டு. கவுண்டி வாரியாகச் சிறுநீரகப் புற்றுநோய் இறப்பு விகிதத்தைப் பூசினால் மிக அதிகம் உள்ளவை ஆள் குறைந்த கிராமப்புறக் கவுண்டிகள். உடனே காரணம் தேடத் தோன்றும். மருத்துவமனை தூரம், பூச்சிமருந்து என்று. அப்புறம் மிகக் குறைவானவற்றைப் பூசிப் பார்த்தால் அவையும் ஆள் குறைந்த கிராமப்புறக் கவுண்டிகளே. இரண்டு ஓரத்திலும் சின்ன இடங்கள்தான், பெரிய நகரங்கள் நடுவிலேயே நிற்கும். அங்கேயும் பரப்பு சேர்ந்துகொள்கிறது. ஆள் குறைந்த கவுண்டிகள் பல, நிலத்தில் பெரியவை, அதனால் படத்தில் அவையே பேசும்.

உங்கள் படம் இந்த நோயில் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, அதிகபட்சம் ஐந்து ஊராட்சியையும் குறைந்தபட்சம் ஐந்தையும் எடுத்து அவற்றின் மக்கள்தொகையைப் பாருங்கள். இரண்டு கூட்டமும் வட்டாரத்திலேயே சின்னவை என்றால் படம் காய்ச்சலைக் காட்டவில்லை, ஊராட்சி அளவைக் காட்டுகிறது. மூன்று மாதத்தைச் சேர்த்துப் போடுங்கள், அல்லது அடுத்தடுத்த ஊராட்சிகளைச் சேர்த்து 5,000 பேருக்குக் குறையாத துண்டுகளாக ஆக்குங்கள். புகை வண்டியை எங்கே அனுப்புவது என்பதற்கு 15 பேர் என்ற எண்ணும் வேண்டும், 1.7 மட்டும் போதாது.

மாவட்ட எழுத்தறிவில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. மாநிலத்திலேயே சின்ன பெரம்பலூரிலும் 5.65 லட்சம் பேர்.

---

கொசுவலை எழுதியது:

மூன்று மாதம் சேர்த்தால் இந்த வாரம் எங்கே பரவுகிறது என்று தெரியாதே. எங்களுக்கு அதுதான் வேலை.

---

கோணமானி எழுதியது:

உண்மை. அதற்கு வீடு வாரியாகப் புள்ளி வைத்த படம்தான் சரி, ஊராட்சி எல்லையில் நிறம் பூசுவது தோதுப்படாது. தனி இழை தொடங்குங்கள்.

---

நூலாம்படை எழுதியது:

பிரிவுகளே வேண்டாம் என்கிறேன். 68-க்கு ஒரு நிறம், 92-க்கு ஒரு நிறம், நடுவில் எண்ணுக்கு ஏற்பப் படிப்படியாக மாறட்டும். சிவகங்கையும் விருதுநகரும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், அதுதானே உண்மை? எல்லைச் சண்டை எல்லாம் அடங்கிவிடும். இப்போது கணினி எத்தனை சாயல் வேண்டுமானாலும் தரும்.

இன்னொன்று. நிறத்தின் அடர்த்தியை வைத்துப் புள்ளிவிவர வரைபடம் போடும் வழக்கமே கல்விக் கணக்கில்தான் தொடங்கியது. 1826-ல் ஷார்ல் த்யுபான் பிரான்சின் மாவட்டங்களுக்குப் போட்டார், பள்ளிக்குப் போகும் சிறுவர் கணக்கை வைத்து. கல்வி குறைந்த இடத்தைக் கறுப்பாக்கினார். இருண்ட பிரான்ஸ், ஒளிபெற்ற பிரான்ஸ் என்று பேச்சே கிளம்பியது. மொரப்பூர்க்காரனின் குறைக்கு இருநூறு வயது!

---

கோணமானி எழுதியது:

படிப்படியான நிறத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. வாசகர் ஒரு மாவட்டத்தின் சாயலைப் பார்த்துவிட்டு குறிவிளக்கத்தில் அதே சாயலைத் தேடுவார். ஐந்து நிறம் என்றால் கண்டுபிடிப்பார், 32 சாயல் என்றால் முடியாது. அதோடு ஒரே சாயல் சுற்றியிருக்கும் நிறத்தைப் பொறுத்து வேறாகத் தெரியும். நாலாபக்கமும் அடர்ந்த மாவட்டங்கள் சூழ்ந்த ஒன்று இருப்பதைவிட வெளுத்துத் தெரியும். நிறங்கள் ஒன்றுக்கொன்று நெருங்க நெருங்க இந்தத் தொல்லை கூடும்.

---

நூலாம்படை எழுதியது:

சரியான எண் வேண்டும் என்பவர் அட்டவணையைப் பார்க்கட்டுமே. படம் எதற்கு? எந்தப் பக்கம் அடர்த்தி, எந்தப் பக்கம் வெளிர் என்று பொதுவாகத் தெரிய. வடமேற்கில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், ஈரோடு ஒரு திட்டாக இருப்பது பிரிவு இல்லாமலேயே தெரிகிறது. ஈரோடு கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் இருந்தும் 72.58 என்பதை நான் அப்படித்தான் கவனித்தேன். பிரிவு போட்ட படத்தில் எல்லைக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

---

கோணமானி எழுதியது:

அந்தத் திட்டு நான் சொன்ன வெட்டிலும் தெரியும், 71.3 முதல் 72.9 வரை ஐந்து மாவட்டம். இதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை, விடுங்கள்.

---

ஊர்சுற்றி எழுதியது:

தேர்தல் முடிவுப் படத்திலும் இதே கூத்துதான். லடாக் ஒரே தொகுதி, பரப்பில் நாட்டிலேயே பெரியது, வாக்காளர் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. தெலங்கானாவில் மல்காஜ்கிரியில் 30 லட்சத்துக்கு மேல். படத்தில் மல்காஜ்கிரியைக் காட்டு என்றால் விரலால் தேட வேண்டும். இரண்டுக்கும் எம்.பி. ஒருவர்தான்.

---

சதவீதன் எழுதியது:

அப்படியானால் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரே அளவு அறுகோணக் கட்டம் போடலாமே. மாவட்டத்துக்கும் அப்படியே. சென்னைக்கும் ஒரு கட்டம், தர்மபுரிக்கும் ஒரு கட்டம்.

---

கோணமானி எழுதியது:

தொகுதிக்குப் பொருந்தும், தொகுதிக்கு ஒரு இடம் என்பதால். மாவட்டத்துக்குப் பொருந்தாது. 46 லட்சம் சென்னைக்கும் 5.65 லட்சம் பெரம்பலூருக்கும் ஒரே கட்டம் கொடுத்தால் பழைய பிழை போய்ப் புதுப் பிழை வரும். அதோடு கட்டமாக்கினால் ஊர் அடையாளம் தெரியாது. மாத இதழ் வாசகர் தன் மாவட்டத்தை அதன் உருவத்தை வைத்துத்தான் தேடுவார்.

---

மெய்யெழுத்து எழுதியது:

கட்டுரை எந்தக் கேள்விக்கு என்று கேட்டீர்கள். "எங்கே நிலைமை மோசம்" என்பதற்குத்தான், ஆக விகிதம். கோணமானி சொன்ன இடங்களில் வெட்டி ஐந்து நிறத்தில் பெரிய படம். சென்னையை மட்டும் மூலையில் பெரிதாக்கி ஒரு கட்டத்துக்குள். பக்கத்தில் சின்னதாக வட்டப் படம், படிக்கத் தெரியாதவர் எண்ணிக்கைக்கு. குறிவிளக்கத்தில் எண்ணோடு எத்தனை மாவட்டம் என்பதையும் எழுதப் போகிறேன். மேலிருந்து 2, 11, 13, 5, 1.

வட்டப் படத்தில் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. அதற்கு என்ன வழி?

---

கோணமானி எழுதியது:

வட்டங்களுக்குள் நிறத்தைக் கொஞ்சம் ஊடுதெரியும்படி வையுங்கள், ஓரத்துக்கு வெள்ளைக் கோடு. சென்னை வட்டத்தைக் கடலுக்குள் தள்ளி ஒரு மெல்லிய கோட்டால் இணைத்தாலும் தப்பில்லை. பெரிய வட்டத்தின் பரப்பைக் கண் குறைத்தே மதிப்பிடும், அதனால் குறிவிளக்கத்தில் 1 லட்சம், 4 லட்சம் என்று இரண்டு மாதிரி வட்டம் கட்டாயம் போடுங்கள்.

---

மொரப்பூர்க்காரன் எழுதியது:

கடைசி நிறத்துக்கு என்ன பெயர் போடுவீர்கள்? "மிகவும் பின்தங்கியது" என்று போடாதீர்கள். "68.54" என்று எண்ணை மட்டும் போடுங்கள். ஒரே மாவட்டம்தானே, பெயர் எதற்கு?

---

அச்சுமை எழுதியது:

நான் அச்சகத்தில் வேலை பார்ப்பவன், யாரும் கேட்காததைக் கேட்கிறேன். இதழ் வண்ணத்திலா, கறுப்பு வெள்ளையிலா? ஐந்து நிறத்தைத் திரையில் தேர்ந்தெடுத்துவிட்டு செய்தித்தாள் காகிதத்தில் கறுப்பில் அடித்தால் மை ஊறி நடுவில் உள்ள இரண்டு சாம்பல் ஒன்றாகிவிடும். உங்கள் 11 மாவட்டமும் 13 மாவட்டமும் கலந்து 24 ஆகிவிடும். சிவப்பிலிருந்து பச்சைக்குப் போகும் நிறவரிசை எடுத்திருந்தால் இன்னும் மோசம், இரண்டு ஓரமும் ஒரே சாம்பலாக வரும்.

---

மெய்யெழுத்து எழுதியது:

அட்டை மட்டும் வண்ணம், உள்பக்கம் கறுப்பு வெள்ளை. சிவப்பு–பச்சை இல்லை, வெளிர் மஞ்சளிலிருந்து அரக்குக்குப் போகும் வரிசை. ஐந்து தாங்காது என்றால் எதைச் சேர்ப்பது? மேலே இரண்டையும் சேர்த்தால் அந்த நான்கு புள்ளிப் பள்ளம் மறைந்துவிடும். கீழே சேர்த்தால் தர்மபுரி மற்ற ஐந்தோடு போய்விடும்.

---

மொரப்பூர்க்காரன் எழுதியது:

கீழே சேர்க்கலாம் என்று நான் சொன்னால் ஊர்ப்பாசம் என்பீர்கள்.

---

நூலாம்படை எழுதியது:

மாவட்டத்துக்குள்ளேயே எண்ணை எழுதிவிடுங்கள். நிறம் மங்கினாலும் எண் நிற்கும்.

---

அச்சுமை எழுதியது:

எண் எழுதுவது நல்லதுதான், ஆனால் அரக்கு நிறம் கறுப்பாகத்தான் விழும். அதன்மேல் கறுப்பு எண் தெரியாது, வெள்ளை எழுத்தாக வையுங்கள். கடைசிப் பிரிவுக்குச் சாம்பலுக்குப் பதில் சாய்கோடு போட்டால் ஐந்தும் தப்பிக்கும். சாய்கோடு கண்ணை இழுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மொரப்பூர்க்காரர் என்னிடம் சண்டைக்கு வருவார். முடிவு செய்வதற்கு முன் அதே காகிதத்தில் ஒரு பக்கம் மாதிரி ஓட்டச் சொல்லுங்கள்.

---

சதவீதன் எழுதியது:

அப்படியே 2001 படத்தையும் பக்கத்தில் போடலாமே? அப்போது மாநிலச் சராசரி 73.45, 2011-ல் 80.09. வளர்ச்சி தெரியும்.

---

கோணமானி எழுதியது:

போடலாம், இரண்டு படத்துக்கும் ஒரே எல்லை எண்கள் வைத்தால். உங்கள் எட்டு எட்டு முறையில் போட்டால் இரண்டு படமும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும், பத்து ஆண்டு வளர்ச்சி சுத்தமாகக் காணாமல் போகும். எல்லா மாவட்டமும் 95-ஐத் தாண்டினாலும் அந்த முறையில் எட்டு மாவட்டம் அடியில் கிடந்தே தீரும். ஆனால் கிருஷ்ணகிரி 2004-ல்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது, திருப்பூர் 2009. 2001 எண்ணைத் தாலுகா வாரியாக எடுத்து, 2011 மாவட்டப் பிரிவுக்குக் கூட்டித்தான் போட முடியும். திருப்பூருக்குக் கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் தாலுகாக்கள் வந்தன, சில தாலுகாக்களே இடையில் உடைந்திருக்கின்றன. அந்தத் தாலுகாக் கணக்கு யாரிடமாவது ஒழுங்காகக் கூட்டி வைத்திருந்தால் இங்கே போடுங்கள்.